கூரையா, மண்டபமா? சபை உறுப்பினர்களிடம் நாம் சொல்ல வேண்டியது



பிரதேச சபைகளின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராகும் காலம் இது. 2025 மே 6 ஆம் திகதி நாம் வாக்களித்துத் தெரிவு செய்த உறுப்பினர்கள் இப்போது தோட்டம் தோட்டமாக வந்து "உங்களுக்கு முதலில் என்ன வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கேட்பது நல்லதுதான். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் கேட்க ஓர் ஆளே இருக்கவில்லை. ஆனால் பல தோட்டங்களில் இந்தக் கேள்வி நம்மவர்களையே இரண்டாகப் பிரித்து விட்டது. பாடசாலைக் கூரையைத் திருத்துவதா, சனசமூக மண்டபம் ஒன்றைக் கட்டுவதா என்ற பேச்சு பிரட்டுக்களத்திலும் மடுவத்திலும் நடக்கிறது. ஓரிரு இடங்களில் பேச்சு சண்டையாகவும் போயிருக்கிறது.

நமது கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறோம். கூரைதான் முதலில். ஆனால் அந்த முடிவுக்கு நாம் வந்த வழி, வழக்கமாக மேடையில் சொல்லப்படும் "பிள்ளைகளின் கல்வி" என்ற வழியல்ல. மண்டபம் கேட்பவர்கள் கல்வியின் எதிரிகளும் அல்லர். அவர்கள் பக்கத்து நியாயத்தை நாம் நேரில் கேட்டோம். அதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஹட்டன் பக்கத்தில் நமது சங்க அங்கத்தவர்கள் உள்ள ஒரு தோட்டம். விஷயம் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. மூன்று டிவிசன்களுக்கும் சேர்த்து ஒரு பாடசாலை. அங்கே கோயில் வாசலில் கூடியபோது மேட்டு லயனைச் சேர்ந்த ஒரு அம்மா எழுந்து சொன்னார்: "எங்க வீட்டுல சாவு விழுந்தா பொணத்த வைக்க எடமில்ல. காம்பராவுக்குள்ள வச்சா ஆளுக நிக்க முடியாது. இஸ்தோப்புல வச்சா பக்கத்து வீட்டுக்காரங்க வெளிய வர முடியாது. மழ பேஞ்சா படுதாவுக்குக் கீழ நனைஞ்சுகிட்டே ஒப்பாரி வைக்கிறோம்." யாரும் பதில் பேசவில்லை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் வாழ்கிறவர்களுக்கு அவர் சொன்னதை விளக்கத் தேவையில்லை.

சடங்கு, கல்யாணம், பதினாறாம் நாள் காரியம், மாதர் சங்கக் கூட்டம், கிளினிக், இளைஞர்களின் வகுப்பு என்று எதற்குமே தோட்டத்தில் ஒரு கூரை இல்லை. கல்யாணத்துக்கு டவுனில் மண்டபம் எடுத்தால் அந்தக் கடனை அடைக்க எத்தனை மாதச் சம்பளம் போகும் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். ஆகவே மண்டபம் ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் அவரோடு நாம் சேர மாட்டோம்.

பிறகு பாடசாலையைப் போய்ப் பார்த்தோம். வழக்கமான 80 அடிக்கு 20 அடிக் கட்டடம். இடையில் சுவர் கிடையாது. பலகைத் தட்டிகளால் நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். கூரையின் ஒரு பாதி பழைய தகரம், மறு பாதி அஸ்பெஸ்டஸ் சீட். மழை பெய்தால் இரண்டு வகுப்புகளை மற்ற இரண்டு வகுப்புகளுக்குள் தள்ளுகிறார்கள். தகரத்தில் விழும் மழைச் சத்தத்தில் ஆசிரியை சொல்வது முன் வரிசைக்கே கேட்பதில்லை. கடும் மழையென்றால் பதினொரு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பி விடுகிறார்கள்.

நமது பத்திரிகைக்கு உரிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. பதினொரு மணிக்குப் பிள்ளை வீடு திரும்பினால், மலையில் கொழுந்து எடுக்கும் தாய் என்ன செய்வார்? பிள்ளைக்காம்பராவில் சிறு குழந்தைகளை மட்டுந்தான் பார்த்துக் கொள்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையை அங்கே விட முடியாது. ஆகவே தாய் மலையிலிருந்து இறங்குகிறார். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர். தொடர்ந்து மழை பெய்யும் ஆனி, ஆடியில் ஒரு மாதத்தில் இப்படி எத்தனை நாள் போனது என்று அந்தத் தோட்டத்து மாதர் தலைவியிடம் கேட்டோம். அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார், பிறகு நிறுத்தி விட்டு, "செக்ரோலப் பாத்தா தெரியும் ஐயா" என்றார். உண்மைதான். பாடசாலைக் கூரையின் ஓட்டை செக்ரோலில் தெரிகிறது. சபை உறுப்பினர்களிடம் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் கூரையைக் கல்வித் திணைக்களத்தின் பிரச்சினை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அது தொழிலாளியின் சம்பளப் பிரச்சினையும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மண்சரிவு எச்சரிக்கை வந்து லயத்தை விட்டு வெளியேறச் சொன்னால் குடும்பங்களை எங்கே கொண்டு போய் வைக்கிறார்கள்? பெரும்பாலும் பாடசாலையில்தான். அதாவது நமக்கு ஒரு மண்டபம் ஏற்கெனவே இருக்கிறது, அதன் கூரைதான் ஒழுகுகிறது. மண்சரிவுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் அங்கேயும் நனைகிறார்கள்.

இனி, உறுப்பினர்கள் சொல்லும் பதிலுக்கு வருவோம். "பாடசாலை எங்கள் கையில் இல்லை, மண்டபம் எங்கள் கையில் இருக்கிறது. ஆகவே மண்டபத்தைக் கேளுங்கள், உடனே தருகிறோம்." இதில் முதல் பாதி ஓரளவு சரி, இரண்டாம் பாதி சரியில்லை.

முதல் பாதியைப் பார்ப்போம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளிலும் அதைத் தொடர்ந்தும். பதின்மூன்றாம் திருத்தத்தின் பின், தேசிய பாடசாலைகள் தவிர மற்றவை மாகாண சபையின் கீழ் வந்தன. ஆகவே நமது பாடசாலைக் கட்டடத்துக்குப் பொறுப்பு மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்விப் பணிமனையும். பிரதேச சபை அதில் தன்பாட்டில் பணம் போட்டால் நாளைக்குக் கணக்காய்வில் கேள்வி வரும். செயலாளர் தயங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் இது தட்டிக் கழிக்கப் போதுமான காரணமல்ல. வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்துமூல ஒப்புதலோடு என்னென்ன செய்யலாம் என்று அவருக்கு எழுதிக் கேட்க ஒரு கடிதமும் ஒரு பிரேரணையும் போதும்.

இப்போது இரண்டாம் பாதி. மண்டபத்தை "உடனே" தர எந்த உறுப்பினராலும் முடியாது. ஒரு காலத்தில் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடவே வழியில்லை என்றார்கள். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டித்தான் அப்படிச் சொன்னார்கள். நாமும் வாக்காளர்களாக இருந்தும், தோட்டம் கம்பனியின் இடம் என்று சொல்லி நம்மை வெளியில் நிறுத்தினார்கள். 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்காக மலையகத்தின் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் சிவில் அமைப்புகளும் பல வருடம் குரல் கொடுத்தன. இப்போது தோட்டத்துக்குள் சபை வேலை செய்யலாம்.

சட்டம் திறந்தாலும் காணி திறக்கவில்லை. தோட்டக் காணி அரசுடையது. தொண்ணூறுகளில் நீண்டகாலக் குத்தகைக்குப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. மண்டபம் கட்ட வேண்டுமானால் அந்தத் துண்டுக் காணி குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும், அல்லது கம்பனி எழுத்தில் சம்மதம் தர வேண்டும். துரை வாயால் "கட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது போதாது. துரை மாறிப் போவார். அடுத்து வருபவர் "கடிதம் எங்கே?" என்பார். அதற்குப் பிறகு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். நுவரெலியா, பதுளை போன்ற மண்சரிவு மாவட்டங்களில் அந்தச் சிபாரிசு இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது. அதன் பிறகுதான் வரைபடம், மதிப்பீடு, கேள்விமனு எல்லாம். சபையின் பணம் ஆண்டுக் கணக்கில் ஒதுக்கப்படுவது. இந்தக் கடிதங்கள் வந்து சேருவதற்குள் மார்கழி வந்து விட்டால் ஒதுக்கிய பணம் வேறு வேலைக்குப் போய்விடும்.

மேலே சொன்ன தோட்டத்தில் இதுவே நடந்திருக்கிறது. முந்தைய சபைக் காலத்தில் மண்டபத்துக்கு என்று அடிக்கல் நாட்டினார்கள். பால் பொங்கியது, படம் எடுத்தார்கள். காணிக் கடிதம் வரவே இல்லை. அடிக்கல் இருந்த இடத்தில் இப்போது ஆட்களின் மாட்டைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் யார் பெயர் இருக்கிறது என்று நாம் எழுதப் போவதில்லை. கூரையைத் திருத்தினால் கல்லில் பெயர் வெட்ட இடமில்லை என்பதையும் மண்டபத்தின் மேல் உறுப்பினர்களுக்கு உள்ள ஆசையையும் சேர்த்து நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். வரும் ஆண்டில் எது செய்து முடிக்கக் கூடியது? கூரைக்குக் காணி வேண்டியதில்லை, மண்சரிவு அறிக்கை வேண்டியதில்லை. கட்டடம் இருக்கிறது, சுவர் இருக்கிறது. ஒப்புதலும் பொருளும் வேலையாளும் இருந்தால் தையிலிருந்து பங்குனி வரை உள்ள வெயிலில் முடித்து விடலாம். மண்டபத்துக்கு அதே ஆண்டில் செய்யக் கூடியது கடிதங்கள் மட்டுமே. இரண்டையும் ஒரே ஆண்டில் தொடங்கலாம். கூரையை ஏணி வைத்தும், மண்டபத்தைப் பேனா வைத்தும்.

கூரை வேலை என்றதும் பலர் "நாலு தகரம் மாற்றினால் போச்சு" என்கிறார்கள். அப்படித்தான் பல பாடசாலைகளில் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை அதே ஓட்டைக்குப் பணம் போகிறது. உறுப்பினரும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பார்க்க வரும்போது நம்மில் இருவர் கூடவே நிற்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து நிற்க வேண்டும்.

வெயில் நாளில் வகுப்பின் ஜன்னல், கதவுகளை மூடிவிட்டு நடுவில் நின்று மேலே பாருங்கள். ஓட்டை இருக்கும் இடங்களில் நட்சத்திரம் போல வெளிச்சம் தெரியும். அந்தப் புள்ளிகள் நேர்கோட்டில் வரிசையாக இருந்தால் அது ஆணித் துளை. ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே துளை போட்டதாகிவிடும். தார் பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். வெளிச்சம் எங்கும் தெரியாமல், மழை பெய்யும்போது மட்டும் நடு முகட்டுக்குக் கீழே சொட்டினால் முகட்டுத் தகரம் போய்விட்டது. சுவரின் மேல் ஓரம் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் கூரையில் குற்றமில்லாமலும் இருக்கலாம். இலை அடைத்த பீலியிலிருந்து தண்ணீர் திரும்பிச் சுவரில் இறங்குகிறது. அதைத் திருத்தப் புதுத் தகரம் தேவையில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம் மரம். கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஒரு கத்தி முனையால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நிற்கும். உளுத்த மரத்தில் அரை அங்குலம் சும்மா இறங்கும். கறையான் மண்கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். உளுத்த கைமரத்தின் மேல் புதுத் தகரம் போட்டால் ஆணிக்குப் பிடி கிடையாது. முதல் பெருங்காற்றில் தகரம் ஆணியோடு எழும்பும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் ஆனி மாதக் காற்றை அறிந்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பறக்கும் தகரம் ஒழுகும் தகரத்தை விட ஆபத்து. ஆகவே மதிப்பீட்டில் தகரத்தோடு மரத்துக்கும் தனி வரி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த மதிப்பீட்டைச் சரி என்று ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

அளவையும் நாமே கணக்கிட்டு வைத்திருக்கலாம். 80 அடிக் கட்டடத்துக்கு இரு பக்கமும் ஓரடி வெளியே விட்டால் 82 அடி. 20 அடி அகலத்துக்கு, இறவாரத்தையும் சேர்த்து, ஒரு பக்கச் சரிவு சுமார் 13 அடி. இரண்டு சரிவும் சேர்ந்து ஏறத்தாழ 2,130 சதுர அடி. ஒன்றின் மேல் ஒன்று ஏறும் மடிப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். தகரம் மேலும் கீழும் குறைந்தது ஆறு அங்குலம் ஏறி நிற்க வேண்டும், பக்க மடிப்பு காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் நாம் எழுதவில்லை. ஹாட்வெயார் கடையில் அன்றைய விலை கேட்டு இந்த அளவால் பெருக்கிப் பார்த்தால், மதிப்பீட்டில் எழுதியிருக்கும் தொகை நியாயமா என்று தெரிந்துவிடும்.

அஸ்பெஸ்டஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய சீட்டைக் கழற்றும்போது உடைக்கவோ வாளால் அறுக்கவோ கூடாது. உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி பறக்கும். அது நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்து நோயாக வரும். தண்ணீர் தெளித்து நனைத்து, முழுச் சீட்டாக இறக்கி, பொலித்தீனில் சுற்றி, ஆட்கள் தோண்டாத இடத்தில் ஆழமாகப் புதைக்க வேண்டும். பிள்ளைகள் இல்லாத நாளில்தான் இந்த வேலை நடக்க வேண்டும். "வீணாகப் போகாமல் கோழிக்கூட்டுக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்று நம்மில் சிலர் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம்.

சிரமதானம் பற்றியும் ஒரு வார்த்தை. கூலிக்குப் பணம் போதாது, நீங்கள் வந்து செய்யுங்கள் என்று உறுப்பினர்கள் சொல்லக்கூடும். தகரம் சுமப்பது, பீலிக்குக் கீழே கான் வெட்டுவது, வகுப்பைக் கழுவுவது எல்லாம் நாம் செய்வோம். ஆனால் கூரையில் ஏறுவது அந்த வேலை தெரிந்தவர்கள் மட்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீட் ஆளின் எடையைத் தாங்காது. பலகை குறுக்கே போடாமல் அதில் கால் வைத்தவர் நேரே கீழே போவார். சிரமதானத்தில் விழுந்தவருக்கு நட்டஈடு கேட்க எந்தக் கம்பனியும் இருக்காது.

மண்டபம் கேட்ட அம்மாவுக்கு நமது பதில் என்ன? அடுத்த வருடமும் படுதாவுக்குக் கீழே இருங்கள் என்பதா? அந்தக் கேள்வி நமக்கும் உறுத்துகிறது. கூரை முடிந்ததும் பாடசாலைக் கட்டடத்தை விடுமுறை நாளிலும் மாலையிலும் தோட்டத்தார் கூட்டத்துக்கும் காரியத்துக்கும் பயன்படுத்த முடியுமா என்று அதிபரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் கேட்கலாம். கல்யாணத்துக்கு அது சரிவராது. பிரேதம் வைக்கவும் சரிவராது. மறுநாள் பிள்ளைகள் அங்கே உட்கார வேண்டும். ஆகவே மண்டபத்தின் தேவை அப்படியே நிற்கிறது. அதனால்தான் மண்டபத்துக்கான காணிக் கடிதத்தையும் மண் அறிக்கையையும் வரும் ஆண்டிலேயே முடித்துத் தர வேண்டும் என்று உறுப்பினரிடம் எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறோம். "கூரை முதலில்" என்பதை மண்டபத்தை மறக்கும் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மண்டபம் வரும்போது சாவியை யார் வைத்திருப்பது என்பதையும் இப்போதே பேச வேண்டும். சில தோட்டங்களில் கட்டிய மண்டபங்கள் பூட்டிக் கிடக்கின்றன. சாவி தோட்டக் காரியாலயத்தில், அல்லது ஏதோ ஒரு சங்கத்தின் தலைவர் வீட்டில். மற்றச் சங்கத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டால் "சாவி இல்லை." இதில் நமது சங்கத்துக்காரர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். இதை எழுதுவதால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும். கரண்ட் பில் யார் கட்டுவது, கழுவுவது யார், வாடகை உண்டா என்பதும் கட்டுவதற்கு முன் எழுதப்பட வேண்டியவை. பில் கட்டாமல் கரண்ட் வெட்டப்பட்ட மண்டபம் இருட்டில் எதற்கு உதவும் என்று நமக்கெல்லாம் தெரியும்.

சபை உறுப்பினர்களைச் சந்திக்கும்போது நாலு பேர் நாலு விதமாகப் பேசினால் அவர்கள் கேட்க விரும்புவதை மட்டும் கேட்டுக்கொண்டு போவார்கள். ஆகவே தோட்டக் கமிட்டி, மாதர் கமிட்டி, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மூன்றும் சேர்ந்து ஒரே கடிதம் கொடுக்க வேண்டும். எந்தச் சங்கக் கொடியும் அதில் வேண்டாம். கடிதத்தில் கேட்க வேண்டியவை இவை. வலயக் கல்விப் பணிமனை இந்தக் கூரையை உடன் திருத்த வேண்டும் என்றும், அதற்குச் சபை உதவத் தயார் என்றும் சபையில் ஒரு பிரேரணை நிறைவேற்றி, பணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து மரத்தையும் சேர்த்து மதிப்பீடு தயாரித்துக் கொடுக்க வேண்டும். பாடசாலைக்கு வெளியே உள்ள கானும் பாதையும் சபையின் வேலைதான், அதை வரவு செலவுத் திட்டத்தில் போட வேண்டும். மண்டபத்துக்கு அடிக்கல் வேண்டாம், காணிக் கடிதம் வேண்டும்.

பணம் எங்கிருந்து என்று கேட்பார்கள். மாகாணத்தின் திருத்த வேலை ஒதுக்கீடு ஒன்று, பாராளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி மற்றொன்று. 2018 இல் மத்திய மாகாண சபையின் காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. கேட்பதற்கு மாகாண உறுப்பினர் இல்லை, எல்லாம் ஆளுநர் வழியாகப் போகிறது. அதனால்தான் சபையின் பிரேரணைக்கு இப்போது முன்னைவிடப் பெறுமதி அதிகம். மக்களால் தெரிவான ஒரு சபை எழுதிக் கேட்டதற்கு அதிகாரிகள் பதில் எழுத வேண்டி வரும்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலயப் பணிமனையின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம். "இந்தப் பாடசாலைக் கூரைக்குக் கடந்த ஐந்து வருடத்தில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, வேலை செய்தவர் யார்?" இந்த மூன்று கேள்வி போதும். பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவைச் சொல்ல வேண்டும். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்க மறக்க வேண்டாம். அந்த ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் முன்பு கொடுத்த இரண்டு கடிதங்களும் "கிடைக்கவில்லை" என்று ஆனதற்குக் காரணம், கையில் பிரதி இல்லாததுதான்.

அந்தத் தோட்டத்தில் கடைசியில் என்ன முடிவாயிற்று என்று கேட்பீர்கள். கோயில் வாசலில் கை தூக்கச் சொன்னபோது கூரைக்கே அதிகம் கை எழுந்தது. மண்டபம் கேட்ட அம்மா கையைத் தூக்கவில்லை. ஆனால் கூட்டுக் கடிதத்தில் மாதர் கமிட்டி சார்பில் ஒப்பம் வைத்தவர் அவர்தான். வைக்குமுன் மண்டபக் காணி பற்றிய பந்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

மற்றத் தோட்டங்களின் கமிட்டிகள் வரும் இரண்டு வாரத்துக்குள் பாடசாலைக் கூரையைப் பார்த்து, எந்த வகுப்பில் எங்கே ஒழுகுகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுக் குறித்து, மரத்தின் நிலையையும் எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பவும். மழை நாளில் பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பிய திகதிகளை அதிபரிடம் கேட்டு, அதே நாளில் அரைப் பேர் போன தாய்மாரின் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். உறுப்பினர்களைச் சந்திக்கப் போகும்போது அந்தத் தாளை மேசையில் வைத்துத்தான் நாம் பேசப் போகிறோம்.